படபடப்போட "இனி என்ன இருக்கு"ங்கிற நினைப்பும் சேர்ந்து வந்தா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

டெல்டா பக்கம் ஒரு மனநலப் பிரிவுல கவுன்சிலிங் வேலை பாக்குறேன். ஓபியில, கல்யாண வீட்ல, பஸ்ல பக்கத்து சீட்லன்னு எங்க போனாலும் இதே கேள்விங்கதான் வருது. அதனால கேட்டவங்க வார்த்தையிலயே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலைக் கீழ போட்டிருக்கேன். படிக்க நேரமில்ல, இப்பவே அவசரம்னா மனநல உதவிக்கு 14416, உயிருக்கு ஆபத்துன்னா 108. ரெண்டும் இலவசம், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. மத்ததை அப்புறம் படிச்சுக்கலாம்.

படபடப்பு எல்லாருக்கும் வர்றதுதானே அக்கா, அதுல எது சாதாரணம் எது ஆபத்துன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

படபடப்புல இருக்கவங்க பேச்சைக் கவனிங்க. "என்ன ஆகுமோ"ங்கிறதுதான் திரும்பத் திரும்ப வரும். மழை வந்துடுமோ, புள்ளைக்கு சீட் கிடைக்காதோ, நெஞ்சு வலிக்குதே ஹார்ட்டா இருக்குமோன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அது கஷ்டந்தான், வைத்தியம் பாக்க வேண்டியதுதான், ஆனா அவங்க மனசு இன்னும் நாளைக்கு நல்லது நடக்கணும்னுதான் தவிக்குது. அதே ஆளு ஒருநாள் "என்ன ஆனா என்ன"ன்னு பேச ஆரம்பிச்சா, அங்கதான் நீங்க காது கொடுக்கணும். கவலை தீர்ந்து அப்படிப் பேசல, நம்பிக்கை போய் அப்படிப் பேசுறாங்க.

இதுல பலபேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. நம்பிக்கை போனவங்க நிறையப்பேரு சோர்ந்து படுத்துக் கிடப்பாங்க, எழுந்திரிக்கவே தெம்பு இருக்காது. அதோட படபடப்பும் சேர்ந்துட்டா உடம்புக்குள்ள ஒரு துடிப்பு வந்துடுது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணைக்கும் கொல்லைக்கும் நடக்குறது, ஒரு இடத்துல உக்கார முடியாம தவிக்கிறது, நாலஞ்சு நாளா பொட்டுத் தூக்கம் இல்லாம இருக்கிறது, இந்த நிலைமையில "இந்த வேதனை இப்பவே நின்னா போதும்"னு தோணிடும். தூக்கமின்மை, தவிப்பு, நம்பிக்கையின்மை மூணும் ஒரே ஆளுகிட்ட பாத்தீங்கன்னா அடுத்த வாரம் ஓபிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு தள்ளாதீங்க, அன்னிக்கே உதவி கேளுங்க.

எங்க வீட்ல கோவம் வந்தா "செத்துத் தொலையறேன்"னு சொல்றது சகஜம், அதையெல்லாமா பெருசா எடுத்துக்கறது?

கோவத்துல சொன்னாங்கன்னு விட்டுடாதீங்க, கோவம் அடங்கினப்புறம் அன்னிக்கு சாயங்காலமே பக்கத்துல உக்காந்து "காலைல அப்படி சொன்னியே, நிஜமாவே அப்படித் தோணுதா"ன்னு ஒரு தடவை கேட்டுடுங்க. இல்லன்னு முகம் பாத்து சொல்றாங்களா, பேச்சை மாத்துறாங்களான்னு உங்களுக்கே தெரியும்.

எங்ககிட்ட வர்றவங்க பெரும்பாலும் சாவுங்கிற வார்த்தையையே சொல்றதில்ல. "நான் இல்லன்னா நீங்களாவது நிம்மதியா இருப்பீங்க", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "தூங்கினா அப்படியே முழிக்காம போயிடணும்"னுதான் சொல்லுவாங்க. வயசான ஆத்தாமாருங்க அதையும் சொல்ல மாட்டாங்க, நெஞ்சு கனக்குது, வயித்தைப் பிசையுது, சோறு இறங்கலன்னு உடம்பைத்தான் சொல்லுவாங்க. அவங்ககிட்ட "மனசு எப்படி இருக்கு ஆத்தா"ன்னு தனியா ஒரு கேள்வி கேட்டாத்தான் மிச்சம் வெளிய வரும்.

பேச்சை விட செய்கை இன்னும் முக்கியம். திடீர்னு சொசைட்டி பாஸ்புக் எங்க இருக்கு, யாருக்கு எவ்ளோ பாக்கின்னு புள்ளைகிட்ட ஒப்படைக்கிறது, ஆசையா வெச்சிருந்த பொருளைத் தூக்கிக் கொடுக்கிறது, ரொம்ப நாள் பேசாத அக்காவுக்கு போன் போட்டு மன்னிப்பு கேக்குறது. வாரக்கணக்கா தவிச்சவரு எந்தக் காரணமும் இல்லாம ஒரே நாள்ல அமைதியாயிட்டாலும் சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க, சில பேரு முடிவு எடுத்துட்டதால அமைதியாவாங்க. கேட்டுப் பாத்துடுங்க.

நேரா "சாகணும்னு தோணுதா"ன்னு கேட்டா நாமளே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடாதா?

ஆகாது. இதைப் பலமுறை ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க, கேக்குறதால புதுசா அந்த எண்ணம் வர்றதில்ல. நாங்க தினமும் பாக்குறதும் அதுதான், கேட்டதும் பலபேரு அழுதுடுவாங்க, இத்தனை நாளா யாரும் கேக்கலியேன்னு.

எப்படிக் கேக்குறதுன்னா படிப்படியா. முதல்ல "வாழவே பிடிக்கலன்னு தோணுதா". ஆமான்னா "உயிரை விட்டுடலாம்னு நினைச்சியா". அதுக்கும் ஆமான்னா "எப்படின்னு யோசிச்சியா, எப்பன்னு ஏதாவது மனசுல இருக்கா, அதுக்கு எதாவது எடுத்து வெச்சிருக்கியா". கடைசியா "முன்னாடி எப்பவாச்சும் முயற்சி பண்ணியிருக்கியா". ஒவ்வொரு ஆமாவுக்கும் ஆபத்து ஒரு படி ஏறுது. வெறும் "வாழப் பிடிக்கல"ன்னா ரெண்டு நாளுக்குள்ள டாக்டரைப் பாருங்க, அதுவரைக்கும் 14416ல பேச வைங்க. உயிரை விடணும்ங்கிற நினைப்பே வந்துட்டா அன்னிக்கே. எப்படி, எப்பங்கிறதுக்கு பதில் இருந்தா இந்த நிமிஷமே, தனியா விடவே கூடாது.

"உனக்கு என்ன குறைச்சல்", "புள்ளைங்களை நினைச்சுப் பாத்தியா", "கோழை மாதிரி பேசாத" இதெல்லாம் சொல்லாதீங்க. சொன்ன அடுத்த நிமிஷமே வாயை மூடிக்குவாங்க, அப்புறம் யாருகிட்டயும் திறக்க மாட்டாங்க.

எல்லாம் சரி, ஆனா எந்த இடத்துல "இது அவசரம்"னு முடிவு பண்றதுன்னு ஒரு உதாரணத்தோட சொல்லுங்களேன்?

ரெண்டு மூணு குடும்பத்துல நடந்ததை ஒண்ணாக் கோத்து சொல்றேன், ஆளு அடையாளம் இருக்காது. மன்னார்குடி பக்கம்னு வெச்சுக்கங்க, நாப்பத்தஞ்சு வயசு அண்ணன், குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலைய வாசல்ல குமிச்சாச்சு, ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எடுக்கல, தார்ப்பாய்க்கு அடியில நெல்லு முளைக்க ஆரம்பிச்சிடுச்சு. முதல் வாரம் பூரா படபடப்பு: மூணு மணிக்கு எழுந்து வானத்தைப் பாக்குறது, பத்து தடவை போன் பண்றது, நெஞ்சை இறுக்கிப் பிடிக்குதுங்கிறது. இது "என்ன ஆகுமோ" கட்டம். ஆறு நாளா தூக்கம் இல்லன்னா அப்பவே ஓபிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாம், ஆனா யாரும் பயப்பட வேண்டிய கட்டம் இல்ல.

ரெண்டாவது வாரம் அவரு களத்துப் பக்கமே போகல. மழை விட்டு நெல்லைக் காய வைக்க ஆள் வந்து நிக்குது, "வித்தா என்ன விக்காட்டி என்ன"ங்கிறாரு. ராத்திரி நடை அதிகமாச்சு, தினமும் குடிக்க ஆரம்பிச்சாரு. குடி இந்த இடத்துல ரொம்ப மோசம், கையைத் தடுக்கிற கொஞ்ச நஞ்ச தயக்கத்தையும் எடுத்துடும். இங்கதான் 14416 கட்டம், அன்னிக்கே.

அப்புறம் ஒருநாள் பையனைக் கூப்பிட்டு நகைக்கடன் ரசீது எங்க இருக்குன்னு காட்டுறாரு. அண்ணிக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. கதவை சாத்திட்டுப் பக்கத்துல உக்காந்து மேல சொன்ன மாதிரியே கேட்டாங்க. தோணுதுன்னாரு. எப்படின்னும் யோசிச்சு வெச்சிருந்தாரு. எப்பன்னதுக்கு "பொண்ணு தலைதீபாவளி முடிஞ்சு போகட்டும்"னாரு. நாள் குறிச்சாச்சுன்னா இதுக்கு மேல காத்திருக்க ஒண்ணுமில்ல. அண்ணி கத்தல, அழுதாங்க ஆனா கையை விடல. கொழுந்தனுக்கு போன் போட்டு கொல்லையில இருந்த பூச்சி மருந்தையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னாங்க, 14416க்கு ஸ்பீக்கர்ல போட்டு அவரையும் பேச வெச்சாங்க, அவங்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னதும் கொழுந்தன் கார்லயே நடுவுல உக்கார வெச்சு கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போனாங்க. பத்து நாள் அட்மிஷன். நெல்லு நட்டம் அப்படியேதான் இருந்துச்சு, ஆனா தூக்கம் வந்தப்புறம் அதே கடனைப் பத்தி அவரால உக்காந்து பேச முடிஞ்சுது.

14416க்குப் போட்டா யாரு எடுப்பா, என்ன கேப்பாங்க?

அது டெலிமானஸ், மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச மனநல உதவி எண். நம்ம தமிழ்நாட்ல இதுக்கு "நட்புடன் உங்களோடு" மனநல சேவைன்னு பேரு. போட்டதும் பதிவு செஞ்ச குரல் வரும், மொழி கேக்கும், தமிழைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் பயிற்சி எடுத்த கவுன்சிலர் பேசுவாங்க. பேரு சொல்ல இஷ்டமில்லன்னா சொல்ல வேணாம். இப்ப எங்க இருக்கீங்க, கூட யாரு இருக்கா, அந்த நினைப்பு எவ்ளோ நாளா, கையில எதாவது இருக்கான்னு கேப்பாங்க, இது விசாரணை இல்ல, ஆபத்து எவ்ளோன்னு கணக்கு பண்றதுக்குத்தான். கவுன்சிலரால முடியாத அளவுன்னா மனநல டாக்டர் மாதிரி நிபுணர்கிட்ட மாத்துவாங்க, பக்கத்துல எங்க போகணும்னும் சொல்லுவாங்க.

லைன் கிடைக்கலன்னா 1800 891 4416, இதுவும் அதே சேவைதான். தமிழ்நாடு அரசோட 104லயும் கவுன்சிலர் பேசுவாங்க. சென்னையில 1986லேருந்து நடக்குற சினேகா அமைப்போட நம்பர் 044 24640050. சின்னப் பசங்கன்னா 1098. ஒண்ணு கிடைக்கலன்னு போனை வெச்சுட்டு உக்காந்துடாதீங்க, அடுத்ததைப் போடுங்க.

போன் போட்டாலும் என்ன பேசுறதுன்னே தெரியல, அழுகைதான் வருது. வீட்ல எல்லாரும் இருக்காங்க, கேட்டுடுவாங்கன்னு வேற பயம்.

அழுதுக்கிட்டே இருங்க, அவங்க லைன்ல இருப்பாங்க, அழுகைக்குப் பழகினவங்கதான் அவங்க. வாய் வரும்போது இதை மட்டும் சொல்லுங்க: "எனக்கு ரொம்ப படபடப்பா இருக்கு, தூக்கம் இல்ல, வாழ வேணாம்னு தோணுது, தனியா இருக்க பயமா இருக்கு." போதும். வேணும்னா இதைப் பேப்பர்ல எழுதி வெச்சு அப்படியே படிங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

வீட்ல பேச முடியலன்னா மாடியிலயோ வாசல்லயோ நின்னு பேசுங்க. ஆனா ராத்திரியில தனியா ஆத்துப்பக்கம், வயக்காட்டுப்பக்கம், ரயில் ரோட்டுப்பக்கம்னு போகாதீங்க. அப்படிப் போகணும்னு கால் இழுத்தாலே அது அவசரம்னு அர்த்தம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க.

நைட்டு பன்னெண்டு மணி, ஞாயித்துக்கிழமை, பஸ்ஸும் இல்ல, மனநல டாக்டரும் இருக்க மாட்டாரு. அப்ப என்ன பண்றது?

ஓபிதான் மூடியிருக்கும், கேஷுவாலிட்டி மூடாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூணு இடத்துலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, திருச்சில மகாத்மா காந்தி அரசு ஆஸ்பத்திரி, கும்பகோணம், மயிலாடுதுறைக்காரங்களுக்கு அங்கயே பெரிய அரசு ஆஸ்பத்திரி. கேஷுவாலிட்டில டூட்டி டாக்டர் பாத்து, ஆளைப் பாதுகாப்பா வெச்சுக்கிட்டு, மனநல டாக்டரைக் கூப்பிடுறதோ காலைல காட்டுறதோ ஏற்பாடு பண்ணுவாரு.

அங்க போய் "படபடப்பா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா ஈசிஜி எடுத்துட்டு, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட வாய்ப்பு இருக்கு. "உயிரை விட்டுடுவேன்னு சொல்றாரு, நாளும் சொல்றாரு, வீட்ல தனியா வெச்சுப் பாத்துக்க எங்களால முடியாது"ன்னு முதல் வரியிலயே தெளிவா சொல்லுங்க. வண்டி இல்லன்னா 108, அவங்ககிட்டயும் இதையே சொல்லுங்க, கூடவே ஊர் பேரு, தெரு, பக்கத்துல அடையாளம் சொல்லக்கூடிய கோயிலோ ரைஸ் மில்லோ. டூவீலர்ல பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகாதீங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு சொல்றாங்களே?

எண்ணம் மட்டும் இருந்து போறவங்களுக்குக் கேஸ்ங்கிற பேச்சே இல்ல, அது சர்க்கரை, பிரஷருக்குப் போற மாதிரி வைத்தியம். முயற்சி பண்ணி காயமோ விஷமோன்னு போனா ஆஸ்பத்திரில போலீசுக்குத் தகவல் எழுதுவாங்க, அது நடைமுறை. ஆனா 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115வது பிரிவுல, முயற்சி பண்ணவரு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு, அவருக்கு சிகிச்சை கொடுக்குறது அரசோட கடமைன்னும் இருக்கு. தற்கொலை முயற்சியைக் குற்றம்னு சொன்ன பழைய 309வது பிரிவும் 2024 ஜூலை 1ல வந்த புது சட்டத்துல கிடையாது. கேஸுக்குப் பயந்து வீட்லயே வெச்சுப் பாத்து நேரத்தை விட்டுடாதீங்க.

விவசாயம் பண்ற வீடு, பூச்சி மருந்து இல்லாம எப்படி இருக்க முடியும்?

இல்லாம இருக்க வேணாம், அவரு கைக்கு எட்டாம இருந்தா போதும். இந்த நினைப்பு பெரும்பாலும் அலை மாதிரி ஏறும், உச்சத்துக்குப் போகும், இறங்கும். அந்த உச்சத்துல கைக்கு எட்டுற தூரத்துல எதுவும் இல்லன்னா பலபேரு தப்பிச்சுடுறாங்க, அப்படித் தப்பிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பிறகு தற்கொலையில சாகுறதில்ல. அதனால மிச்ச மருந்தை பங்காளி வீட்லயோ வாங்கின கடையிலயோ கொடுத்து வைங்க, அடிக்கிற அன்னிக்கு மட்டும் வேற ஆள் எடுத்துட்டு வந்து அடிச்சு முடிக்கட்டும். பூட்டி வெச்சு சாவியை ஆணியில மாட்டுறது பூட்டுனதாகாது. மாத்திரைகளையும் இதே மாதிரி, ஒருத்தர் பொறுப்புல வெச்சு நாளைக்கு நாள் எடுத்துக் கொடுங்க.

எதையாவது குடிச்சுட்டாங்கன்னு சந்தேகம் வந்தாக்கூட உடனே 108. வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, புளித்தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போய் இன்னும் மோசமாயிடும். டப்பாவையோ பாக்கெட்டையோ கையோட கொண்டு போங்க. ஆளு நல்லாத்தானே பேசுறாருன்னு வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வராதீங்க, சில மருந்து நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்.

என் தம்பி சிங்கப்பூர்ல வேலை பாக்குறான், போன்ல அப்படியெல்லாம் பேசுறான். நான் திருத்துறைப்பூண்டில இருந்து என்ன பண்ண முடியும்?

லைனைக் கட் பண்ணாதீங்க. நீங்க பேசிக்கிட்டே இருக்கும்போது வீட்ல இன்னொருத்தரு வேற போன்ல அவன் ரூம்மேட்டையோ கூட வேலை பாக்குறவங்களையோ பிடிக்கணும், நேர்ல ஒரு ஆள் போய் நிக்கணும், அதுதான் முதல் வேலை. நம்ம 14416ஐ அங்கிருந்து நம்பி இருக்க முடியாது. சிங்கப்பூர்னா ஆம்புலன்ஸ் 995, மனநல உதவிக்கு 1767. துபாய், அபுதாபி பக்கம்னா ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. ரூம்மேட்டுக்கு இந்த நம்பரை உடனே அனுப்பி வைங்க. மேல சொன்ன கேள்விகளைப் போன்லயே கேக்கலாம். ஏஜெண்ட் கடனைப் பத்தி அப்ப பேசாதீங்க, "கடனை நான் பாத்துக்கறேன், நீ வந்து சேரு"ன்னு மட்டும் சொல்லுங்க.

அந்த நினைப்பை என்கிட்ட சொல்லிட்டு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா?

சொல்லிடுங்க. "நீ இருக்கணும்னு சொன்னேன், கோவப்பட்டாலும் பரவாயில்ல"ன்னு அவங்ககிட்டயே முகத்துக்கு நேரா சொல்லிட்டு சொல்லுங்க.

டாக்டர் மாத்திரை கொடுத்தாரு, ஒரு வாரத்துல படபடப்பு அதிகமான மாதிரி இருக்கு, நினைப்பும் வருது. நிறுத்திடலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா அன்னிக்கே டாக்டருக்கு சொல்லுங்க. மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் கொடுக்குற மாத்திரை வேலை செய்ய ரெண்டுலேருந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்ப நாள்ல சிலபேருக்கு உள்ளுக்குள்ள துடிப்பு கூடும். குறிப்பா இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கவங்களை முதல் சில வாரம் வீட்ல கூடவே இருந்து பாத்துக்கணும். டாக்டர் அளவைக் குறைப்பாரு, மாத்துவாரு, தூக்கத்துக்குக் கொஞ்ச நாளைக்கு எதாவது சேர்ப்பாரு. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மெடிக்கல்ல தூக்க மாத்திரை வாங்குறது, அதைப் பிராந்தியோட சேர்த்துப் போடுறது, ரெண்டும் வேணாம், மாத்திரையும் பிராந்தியும் சேர்ந்தா மூச்சையே அடக்கிடும்.

எனக்கு சாகணும்னு ஆசையே இல்ல, ஆனா பாலத்துல போகும்போது குதிச்சிடுவேனோன்னு ஒரு நினைப்பு வந்து நடுங்குது. நானும் அந்த லிஸ்டா?

அந்த நினைப்பு வந்ததும் உங்களுக்குப் பயமும் அருவருப்பும் வருது, விலகி ஓடுறீங்கன்னா அது பெரும்பாலும் பதட்டத்தோட வர்ற வேண்டாத நினைப்பு, எண்ணச் சுழற்சி நோய்லயும் இப்படி வரும். இதுக்கு நல்ல வைத்தியம் இருக்கு. சாக நினைக்கிறவங்களுக்கு அந்த நினைப்பு ஒரு விடுதலை மாதிரி, நிம்மதி மாதிரி தெரியும், அதுதான் வித்தியாசம். ஆனா இதை நீங்களே தீர்ப்பு சொல்லிக்காதீங்க, ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கலாம். பயமா இருந்த நினைப்பு ஒருநாள் ஆறுதலா தெரிய ஆரம்பிச்சா அன்னிக்கே 14416.

டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டாரு, நல்லா சாப்பிடுறாரு. இனி பயமில்லையே?

வீட்டுக்கு வந்த முதல் சில வாரந்தான் இன்னும் கவனமா இருக்க வேண்டிய காலம். ஆஸ்பத்திரில இருந்தப்ப கடன்காரங்க போன் வரல, சொந்தக்காரங்க விசாரிப்பு இல்ல, வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒண்ணா வரும். ஒரு வாரத்துக்குள்ள மறுபடி காட்டுற தேதியை டிஸ்சார்ஜ் அன்னிக்கே வாங்கிக்கங்க. பூச்சி மருந்து பங்காளி வீட்லயே இருக்கட்டும். குழு லோன் வசூலுக்கு வர்றவங்ககிட்ட வீட்ல வேற ஒருத்தரு பேசட்டும்.

அவரு தெளிவா இருக்கிற நேரமாப் பாத்து ஒரு தாள்ல எழுதி வாங்குங்க: தனக்கு மோசமாகப் போகுதுன்னு முதல்ல எதுல தெரியும் (அந்த அண்ணனுக்கு ராத்திரி நடை), அப்ப என்ன பண்ணா கொஞ்சம் இறங்கும், யாருக்கு முதல்ல போன் பண்ணுவாரு, அவங்க எடுக்கலன்னா ரெண்டாவது யாரு, அப்புறம் 14416, கேஷுவாலிட்டிக்குக் கூட்டிட்டுப் போக யாரு வண்டி. ஒரு காப்பி அவரு சட்டைப் பையில, ஒரு காப்பி அண்ணிகிட்ட, ஒரு காப்பி வண்டி வெச்சிருக்கவருகிட்ட.